இருமச் சொல்லும் ஃபார்வர்டும் சோடா ஜோக்கும்

கேள்வி: எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பெரியப்பா அடிக்கடி "தனியாக இருக்கும்போது ஹார்ட் அட்டாக் வந்தால் பலமாக இருமுங்கள், உயிர் பிழைக்கலாம்" என்ற மெசேஜை அனுப்புவார். நாங்கள் அதற்கு மீம் போட்டுக் கலாய்ப்போம். போன வாரம் "நெஞ்சு வலியா? வாயுதான், ஒரு சோடா குடி" என்று வீட்டிலேயே நேரத்தைக் கடத்திவிட்டுக் கடைசியில் ஐசியூவில் போய்ப் படுக்கிறவரைப் பற்றி ஒரு ஜோக் போட்டேன். நர்ஸாக இருக்கும் அத்தை, "இதை எல்லாருக்கும் அனுப்பு, அந்த இருமல் மீமை நிறுத்து" என்கிறார். இரண்டுமே கிண்டல்தானே, என்ன வித்தியாசம்?

அத்தை சொன்னது சரி. இரண்டு ஜோக்கிலும் சிரிப்பு எதன் மேல் விழுகிறது என்று பாருங்கள். இருமல் மீமில் நீங்கள் சிரிப்பது பெரியப்பாவைப் பார்த்து. சோடா ஜோக்கில் சிரிப்பது, நெஞ்சு வலிக்கிற மனிதர் வீட்டிலேயே வீணாக்கும் நேரத்தைப் பார்த்து. அவசர சிகிச்சைப் பிரிவில் இரவு டூட்டி பார்க்கிறவர்களுக்கு அந்த நேரம்தான் உண்மையான பிரச்சினை. பெரியப்பா அல்ல.

முதலில் அந்த ஃபார்வர்டையே எடுத்துக்கொள்வோம். கிண்டல் செய்கிற பலருக்கு அதில் எது தவறு, எது சரி என்று தெரியாது. "இருமினா சரியாகுமாம், ஹா ஹா" என்பதோடு விட்டுவிடுகிறார்கள். அந்த மெசேஜின் கதை அப்படி ஒரு வரியில் முடிகிற கதை அல்ல.

ஏறக்குறைய எல்லா வடிவத்திலும் அது இப்படித்தான் போகும். மாலை ஆறு மணி சுமாருக்கு, களைத்துப்போய், தனியாக கார் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புகிறீர்கள். திடீரென்று நெஞ்சில் கடும் வலி, அது கைக்கும் தாடைக்கும் பரவுகிறது. ஆஸ்பத்திரி சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நினைவு தப்ப பத்து விநாடிதான் இருக்கிறது. பயப்படாமல் ஆழமாக மூச்சை இழுத்து, இரண்டு விநாடிக்கு ஒரு முறை, நெஞ்சுக்குள்ளிருந்து சளி வருவது போல பலமாக இருமுங்கள். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள். கடைசியில், இதைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் ஒரு உயிராவது பிழைக்கும்.

ஆங்கிலத்தில் இது 1999 வாக்கிலேயே மின்னஞ்சலில் சுற்றத் தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் ரோசெஸ்டர் ஜெனரல் ஆஸ்பத்திரியின் பெயரைப் போட்டு வந்தது. அந்த ஆஸ்பத்திரி எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டது. அமெரிக்க இதய சங்கமும் இதைப் பரிந்துரைக்கவில்லை. மறுப்பு அங்கேயே நின்றுவிட்டது, மெசேஜ் மட்டும் மொழி மாறி மாறி நம் வீட்டுக்கு வந்துவிட்டது.

ஆனால் இருமல் என்பது யாரோ கற்பனையில் இட்டுக்கட்டியதும் அல்ல. 1976-இல் கிரைலி என்ற இதய மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆஞ்சியோகிராம் மேசையில் படுத்திருந்த சில நோயாளிகளுக்கு, பரிசோதனையின் நடுவிலேயே இதயத் துடிப்பு தாறுமாறாகி, இதயம் ரத்தத்தைத் தள்ள முடியாத நிலைக்குப் போனது. மானிட்டரில் அதைப் பார்த்த உடனே, நோயாளிக்கு நினைவு தப்புவதற்குள், "இருமுங்கள், விடாமல் இருமுங்கள்" என்றார்கள். ஒவ்வொரு இருமலிலும் நெஞ்சுக்கூட்டுக்குள் அழுத்தம் எகிறி, கொஞ்சம் ரத்தம் மூளைக்குப் போனது. அப்படி இருமியவர்களில் ஒருவர் 39 விநாடி வரை நினைவோடு இருந்தார். அதற்குள் கரண்ட் ஷாக் கொடுக்கும் கருவியைத் தயார் செய்துவிட்டார்கள். இன்றும் அந்த அறைக்குள் டாக்டர் சில சமயம் நோயாளியை இருமச் சொல்வதுண்டு.

இதில் என்னென்ன இருக்கிறது என்று கவனியுங்கள். நெஞ்சில் ஒட்டிய வயர்கள், மானிட்டர், அதைப் பார்த்துக்கொண்டே நிற்கும் டாக்டர், கையெட்டும் தூரத்தில் ஷாக் மெஷின். இருமல் அரை நிமிடம் தாக்குப்பிடிக்க உதவியது, அவ்வளவுதான். காப்பாற்றியது மெஷின். ஃபார்வர்டில் மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இருமலை மட்டும் எடுத்து ஒரு காருக்குள் வைத்துவிட்டார்கள்.

அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது. மாரடைப்பும் இதயம் நின்றுபோவதும் ஒன்றல்ல. மாரடைப்பு என்றால் இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்றில் ரத்தக்கட்டி வந்து அடைத்துக்கொள்கிறது. அந்தக் குழாயை நம்பியிருக்கும் தசை மெல்ல மெல்லச் சாகிறது. ஆனால் இதயம் பெரும்பாலும் துடித்துக்கொண்டேதான் இருக்கும். நோயாளி பேசுவார், நடப்பார், "ஒண்ணுமில்ல, சரியாயிடும்" என்று சொல்லவும் செய்வார். இதயம் நின்றுபோவது வேறு. துடிப்பு தாறுமாறாகிப் பத்துப் பதினைந்து விநாடியில் ஆள் சாய்ந்துவிடுவார். மாரடைப்பு அதில் போய் முடியலாம், எல்லோருக்கும் அப்படி முடிவதில்லை. இருமிக் கட்டியைக் கரைக்க முடியாது, அடைப்பும் விலகாது. நின்றுபோன இதயத்துக்காக இருமலாம் என்றால், சாய்ந்தவர் எப்படி இருமுவார்? தன் இதயத் துடிப்பு தடம் புரண்டுவிட்டது என்று மானிட்டர் இல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும்?

அப்படியானால் "எங்க மாமா இருமித்தான் பிழைச்சார்" என்று சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. நெஞ்சு வலி வந்தவர்களில் பெரும்பாலானோர் பத்து விநாடியில் விழுவதே இல்லை. அவர் இருமினாலும் இருமாவிட்டாலும் ஆஸ்பத்திரி வரை நினைவோடுதான் வந்திருப்பார். இருமினார், வந்து சேர்ந்தார், ஆகவே இருமல் காப்பாற்றியது என்று கதை அமைந்துவிடுகிறது. இருமிக்கொண்டே வழியிலேயே இறந்துபோனவர் வந்து கதை சொல்லப்போவதில்லை.

சரி, இப்போது உங்கள் மீமுக்கு வருவோம். பஸ்ஸில் ஒருவர் இருமுகிறார், கண்டக்டர் "யாருக்கோ அட்டாக், வழி விடுங்க" என்கிறார் என்கிற மாதிரிதானே இருக்கும்? சிரிப்பு வரும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு ஜோக்கை யாரும் முழுசாக ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. ஆறு மாதம் கழித்து மனதில் தங்குவது இரண்டு மூன்று சொற்கள்தான். நான் எந்த மருத்துவ ஜோக்கையும் இந்த வகையில்தான் பார்ப்பேன்: ராத்திரி இரண்டு மணிக்கு வியர்த்துப்போய் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு இந்த ஜோக்கில் பாதிதான் ஞாபகம் வருகிறது என்றால், அந்தப் பாதி அவரை எங்கே கொண்டுபோகும்? இருமல் மீமில் மிஞ்சுவது "அட்டாக், இருமல்" என்ற ஜோடி. அது உண்மையா கிண்டலா என்பது அந்த நேரத்தில் நினைவிருக்காது. இருமிப் பார்ப்போமே, காசா பணமா என்றுதான் தோன்றும். நீங்கள் எதைக் கலாய்த்தீர்களோ அதையே இன்னொரு தடவை பரப்பியிருக்கிறீர்கள், சிரிப்பு சேர்த்து.

சோடா ஜோக்கில் மிஞ்சும் பாதி என்ன? "வாயுன்னு நினைச்சாங்க, ஆனா..." அவ்வளவுதான். அந்த "ஆனா" போதும். மனைவியோ மகனோ "எதுக்கும் ஒரு ஈசிஜி எடுத்துடலாம்" என்று சொல்ல அது வழி விடுகிறது.

இந்த வாயு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சோடா குடிப்பவர் முட்டாள் அல்ல. அவர் உடம்பே அவரை ஏமாற்றுகிறது. இதயம், உணவுக்குழாய், இரைப்பையின் மேல்பகுதி ஆகியவற்றிலிருந்து வரும் வலிச் செய்திகள் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தண்டுவடத்துக்குள் நுழைகின்றன. எங்கிருந்து வந்தது என்று மூளையால் துல்லியமாகப் பிரிக்க முடிவதில்லை. போதாததற்கு இதயத்தின் அடிப்பக்கச் சுவர் உதரவிதானத்தின் மேல் படிந்து உட்கார்ந்திருக்கிறது, அதற்கு நேர் கீழே இரைப்பை. அந்த அடிச்சுவரில் மாரடைப்பு வந்தால் மேல்வயிற்றில் வலிக்கும், குமட்டும், வாந்தி வரும், ஏப்பம் வரும், நாடித் துடிப்பு குறையும். யாராக இருந்தாலும் ராத்திரி சாப்பிட்ட பரோட்டாவின் மேல்தான் பழியைப் போடுவார்.

அப்புறம் சோடா "வேலை செய்வதும்" உண்டு. ஏப்பம் விட்டவுடன் வயிற்றின் இறுக்கம் குறைந்து லேசாகத் தெரியும். மாரடைப்பு வலியே கூட ஏறி இறங்கும், ஏனென்றால் குழாயில் உட்கார்ந்த கட்டி சில சமயம் தானாகக் கொஞ்சம் விலகி மறுபடி அடைத்துக்கொள்கிறது. விலகிய அந்த நேரத்தில் ஈனோவோ, ஓம வாட்டரோ, பெருங்காயம் போட்ட மோரோ உள்ளே போயிருந்தால் பேர் அதற்குப் போய்விடும். ஜெலுசில் குடித்து வலி குறைந்ததால் இது இதயம் இல்லை என்று டாக்டர்களே முடிவு செய்யக் கூடாது என்பது எங்கள் பாடம். வீட்டில் இருப்பவர்கள் அப்படி முடிவு செய்தால் அவர்களைக் குறை சொல்ல முடியுமா?

எதை வைத்துச் சந்தேகப்படுவது? வலி என்பதைவிட இறுக்கம், பாரம், யாரோ நெஞ்சின் மேல் உட்கார்ந்தது போன்ற உணர்வு என்றுதான் பலர் சொல்வார்கள். விரல் நுனியால் இங்கே என்று தொட்டுக் காட்டாமல், உள்ளங்கையையோ முஷ்டியையோ நெஞ்சின் நடுவில் வைத்துக் காட்டுவார்கள். இடது கைக்கு, சில சமயம் இரண்டு கைக்கும், தாடைக்கு, முதுகுக்குப் பரவலாம். ஃபார்வர்டில் வரும் கை, தாடை சமாச்சாரம் உண்மைதான், அதை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். மாடி ஏறினால் கூடும், உட்கார்ந்தால் குறையும் என்றால் இன்னும் சந்தேகம். என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட நான் மதிப்பது வியர்வையை. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் ஆள் குளிர்ந்த வியர்வையில் சட்டை நனைந்து, முகம் வெளுத்துப்போயிருந்தால், அவர் எத்தனை ஏப்பம் விட்டாலும் அதை வாயு என்று விடக்கூடாது.

சர்க்கரை நோய் பல வருடமாக இருப்பவர்களுக்கு நரம்பு பாதித்திருக்கும். அவர்களுக்கு வலியே தெரியாமல் போகலாம், மூச்சு வாங்குவதும் களைப்பும் மட்டும் இருக்கும். பெண்களிலும் நெஞ்சு வலியோடு, அல்லது அது பெரிதாகத் தெரியாமலே, குமட்டல், முதுகு வலி, தாடை வலி, காரணமில்லாத அசதி என்று வருவது கூடுதல். சோடா ஜோக்குகளில் எப்போதும் அப்பாவும் மாமாவும்தான் வருகிறார்கள் என்பதைக் கவனித்தீர்களா? அம்மா வருவதில்லை. அம்மாவுக்கு வந்தால் வீட்டில் யாரும் சந்தேகப்படுவதும் இல்லை. ஒரு நல்ல ஜோக்கின் குறை என்று நான் சொல்வது இதைத்தான்.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அடைத்த குழாயைத் திறக்கும் சிகிச்சைகள் இரண்டுமே கடிகாரத்தைப் பார்த்து ஓடுகின்றன. கட்டியைக் கரைக்கும் ஊசி முதல் ஓரிரு மணி நேரத்தில் போட்டால் நிறையத் தசையைக் காப்பாற்றும், நேரம் போகப் போகப் பலன் சரிந்துகொண்டே வரும். 12 மணி நேரத்துக்குப் பிறகு பொதுவாக அதைப் போடுவதில்லை. பலூன் வைத்து அடைப்பைத் திறப்பதற்கு, நோயாளி உள்ளே வந்ததிலிருந்து 90 நிமிடத்துக்குள் என்று ஆஸ்பத்திரிகள் தங்களுக்கே கெடு வைத்திருக்கின்றன. ஆஸ்பத்திரிக்குள் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் மிச்சம் பிடிக்க அவ்வளவு பாடுபடுகிறோம். நோயாளியோ சோடா, அப்புறம் சுடுதண்ணீர், அப்புறம் முதுகில் தைலம், அப்புறம் "காலைல பாத்துக்கலாம்" என்று ஒரு ராத்திரியையே வீட்டில் விட்டுவிட்டு வருகிறார். தசை செத்துவிட்டால் உயிர் பிழைத்தவருக்கும் பிறகு மாடிப்படி ஏற மூச்சு வாங்கும், கால் வீங்கும். சோடா ஜோக்கில் மறைந்திருப்பது இந்தக் கணக்கு.

ஆகவே ராத்திரி சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியது சுருக்கம். உட்காருங்கள் அல்லது சாய்ந்து படுங்கள், நடமாட்டத்தை நிறுத்துங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். தனியாக இருந்தால் வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்காருங்கள், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கார் ஓட்டிக்கொண்டிருந்தால் ஓரம் கட்டுங்கள். ஃபார்வர்டு சொல்வது போல இருமிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனால் உங்களோடு சாலையில் போகிற இன்னொருவருக்கும் ஆபத்து. ஆஸ்பிரின் 300 மில்லிகிராம் அளவுக்கு வீட்டில் இருந்தால் மென்று விழுங்கலாம். மெல்வது ஏனென்றால் அப்படியே விழுங்குவதைவிட வேகமாக ரத்தத்தில் சேரும். ஆஸ்பிரின் அலர்ஜி இருப்பவர்கள், அண்மையில் ரத்த வாந்தியோ கறுப்பு மலமோ போனவர்கள், முன்பு மூளையில் ரத்தக்கசிவு வந்தவர்கள் சாப்பிடக் கூடாது. முதுகைக் கிழிக்கிற மாதிரி திடீரென்று வலி வந்திருந்தால் அது வேறு நோயாக இருக்கலாம், டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். ஒரு சின்ன விஷயம்: டோலோ என்பது பாராசிட்டமால், ஆஸ்பிரின் அல்ல. கையில் கிடைத்த மாத்திரையைக் கொடுத்துவிட்டு "மாத்திரை போட்டாச்சு" என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

கூட இருப்பவர் திடீரென்று சாய்ந்துவிட்டார், கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சு இல்லை அல்லது குறட்டை மாதிரி எப்போதோ ஒரு முறை இழுக்கிறார் என்றால் இப்போதுதான் இதயம் நின்றுவிட்டது என்று அர்த்தம். அந்தக் குறட்டையைத் தூக்கம் என்று நினைத்துவிடுவார்கள், அது மூச்சே அல்ல. அவரைத் தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து நெஞ்சின் நடுவில் இரண்டு கையாலும் குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை. இருமல் செய்யும் என்று ஃபார்வர்டு சொன்ன வேலையை உண்மையில் செய்வது, பக்கத்தில் இருக்கிற இன்னொருவரின் கை.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தமிழக அரசு 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் 300, குளோபிடோக்ரல் 300, அடோர்வாஸ்டேட்டின் 80 மில்லிகிராம் என்று முதல் தவணை மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். பக்கத்து ஊரில் பெரிய ஆஸ்பத்திரி இல்லையே என்று விடிகிறவரை காத்திருக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில்தான் வெறும் கிண்டலின் இன்னொரு கெடுதல் வருகிறது. பெரியப்பா நாளைக்கே "நெஞ்சு வலி வந்தால் ஆஸ்பிரின் மெல்லுங்கள்" என்று ஒரு மெசேஜ் அனுப்பினால் உங்கள் குரூப் என்ன செய்யும்? இருமல் மெசேஜுக்குப் போட்ட அதே மீமைத்தான் போடும். ஆனால் இது உண்மை. 1988-இல் வெளியான, ஏறக்குறைய 17,000 மாரடைப்பு நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில், தினம் சிறு அளவு ஆஸ்பிரின் ஒரு மாதம் கொடுத்ததிலேயே முதல் ஐந்து வாரத்தில் நேர்ந்த இதய, ரத்தக்குழாய் சாவுகள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. அனுப்புகிற ஆளைப் பார்த்துச் சிரிக்கப் பழகிவிட்டால் மெசேஜைப் படிக்கிற பழக்கம் போய்விடும்.

பாதி உண்மையாக வருபவை இன்னும் சிக்கல். ஆஸ்பிரினோடு சேர்த்து "சார்பிட்ரேட்டை நாக்குக்கு அடியில் வையுங்கள்" என்று சொல்லும் ஃபார்வர்டுகள் சுற்றுகின்றன. சார்பிட்ரேட் ரத்தக்குழாயை விரித்து வலியைக் குறைக்கும், கட்டியைக் கரைக்காது. ரத்த அழுத்தத்தை இறக்கிவிடும். இதயத்தின் வலது பக்கமும் சேர்ந்து பாதித்திருந்தால் அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய்விடலாம். வலது பக்கம் எந்த மாரடைப்பில் சேர்ந்து பாதிக்கும் தெரியுமா? பெரும்பாலும் அந்த அடிச்சுவர் மாரடைப்பில், அதாவது வாயு மாதிரியே இருக்கும் அதில். வயாகரா வகை மாத்திரை எடுத்தவர்களுக்கும் இது ஆபத்து. டாக்டர் உங்களுக்கென்று எழுதிக் கொடுத்து, எப்போது வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் ஒழிய ஃபார்வர்டைப் பார்த்து வைக்காதீர்கள்.

இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, ஆப்பிள் சிடர் வினிகர் சாறுகளை ஒவ்வொரு கப் கொதிக்க வைத்துத் தேன் கலந்து குடித்தால் அடைப்பு கரைந்து பைபாஸே வேண்டாம் என்பதும் உங்கள் குரூப்புக்குக் கட்டாயம் வந்திருக்கும். குழாய்ச் சுவருக்குள் வருடக்கணக்கில் படிந்த கொழுப்பும் சுண்ணாம்பும் வயிற்றுக்குள் போன சாற்றால் கரையாது. காலையில் ஒரு ஸ்பூன் குடிப்பதால் பெரும்பாலோருக்கு நெஞ்சு எரிச்சலைத் தவிரப் பெரிதாக ஒன்றும் ஆகாது என்பதால் அதை நானும் கண்டுகொள்வதில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: ஸ்டென்ட் வைத்தவர் இதைக் குடிக்கிறார் என்பதற்காக ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நிறுத்தினாரா? நிறுத்தியிருந்தால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே கட்டி அடைத்துக்கொள்ளலாம். அந்த மெசேஜுக்கு மீம் போடுவதானால் சாற்றை விட்டுவிட்டு, மாத்திரையை நிறுத்திய ஆளை வைத்துப் போடுங்கள்.

எச்சரிக்கை ஜோக் என்று பேர் வைத்துக்கொண்டு வருவதெல்லாம் உருப்படியானவையும் அல்ல. "ஜிம்முக்குப் போனான், போய்ச் சேர்ந்தான்", "கல்யாணத்தில் ஆடினார், அவ்வளவுதான்" என்ற ரகத்தைப் பாருங்கள். மேலே சொன்ன ராத்திரி இரண்டு மணி சோதனையில் அவை தோற்றுப்போகும். பயம் மிஞ்சுகிறது, செய்ய ஒன்றும் மிஞ்சுவதில்லை. அதைப் படித்துவிட்டு நடைப்பயிற்சியை நிறுத்தியவர்கள் உண்டு. சோடா ஜோக்கும் ஒரு இடத்தில் வழுக்கும். "ஈசிஜி எடுத்தாச்சு, நார்மல், அப்ப வாயுதான்" என்று முடிகிற வடிவம் ஒன்று இருக்கிறது, அதை அனுப்பாதீர்கள். முதல் ஈசிஜி நார்மலாக இருந்தும் மாரடைப்பு இருக்கலாம். வலி தொடர்ந்தால் கால் மணி, அரை மணி விட்டு மறுபடி எடுக்க வேண்டும். இதயத் தசை பாதித்தால் ரத்தத்தில் ஏறும் ட்ரோபோனினும் வலி வந்த உடனே பரிசோதித்தால் ஏறியிருக்காது, அதனால்தான் சில மணி நேரம் வைத்திருந்து இன்னொரு முறை எடுக்கிறோம். அந்த ரெண்டாவது பரிசோதனைக்கு நிற்காமல் "அதான் நார்மல்னு வந்துடுச்சே" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறவர்களை நினைத்தால் எங்களுக்குத் தூக்கம் வராது.

வாட்ஸ்அப்பில் மேலே இரட்டை அம்புக்குறியோடு பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது என்று வந்தால் அது பொய் என்று ஒரு நம்பிக்கை இளசுகளிடம் இருக்கிறது. அந்தக் குறி குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். உண்மைத் தகவலுக்கும் அது வரும். பொய்யையே ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் புதிதாக அனுப்பினால் குறியே இருக்காது.

பெரியப்பாவுக்கு என்ன பதில் போடுவது? "பெரியப்பா, இருமல் ஆஞ்சியோ மேசையில் படுத்திருப்பவர்களுக்கு, டாக்டர் சொன்னால் மட்டும். நமக்கு 108, திறந்த கதவு, ஆஸ்பிரின் சேரும் என்றால் மென்று ஒன்று" என்று போடுங்கள். அவர் அக்கறையில் அனுப்புகிறவர், அனுப்புவதை நிறுத்தப்போவதில்லை. சரியானதைக் கையில் கொடுத்தால் அதையும் ஐம்பது பேருக்கு அனுப்புவார். மீம்தான் வேண்டும் என்றால் சோடா ஜோக்கை இப்படி மாற்றிப் பாருங்கள், இந்தத் தடவை அம்மாவை வைத்து:

அம்மா: "நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குதுடா. வாயுதான், ஒரு சோடா வாங்கிட்டு வா."
மகன்: "வாங்கலாம்மா. ஆம்புலன்ஸ்ல ஏறு, ஈசிஜி எடுத்து, ரெண்டாவது ரத்தப் பரிசோதனையும் நார்மல்னு வந்தா, ஆஸ்பத்திரி வாசல் கடைல பன்னீர் சோடாவே வாங்கித் தரேன்."